கையிருப்பு, ஒதுக்கீடு, விற்கக்கூடியது: சின்னக் கடையில் மூன்று ஸ்டாக் எண்களை எழுதுவது எப்படி

ஸ்டாக் நோட்டில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண் எழுதும் கடைகளில் இரண்டு விதமான சங்கடம் மாறி மாறி வரும். ரேக்கில் சரக்கு இருக்கிறதே என்று கவுன்டரில் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவோம். மறுநாள் அட்வான்ஸ் கொடுத்தவர் வண்டியோடு வந்து நிற்பார். இல்லையென்றால், ஆர்டர் சரக்கு என்று பயந்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவோம். அந்த ஆர்டர் எப்போதோ முடிந்துபோனது என்பது மாசக் கடைசியில்தான் தெரியும்.

நான் எலக்ட்ரிக்கல் கடை நடத்துகிறேன். புது வீட்டு வயரிங் ஆர்டர் எடுத்தால் அது மாதக்கணக்கில் நீளும். கூரை கான்கிரீட் போடும்போது பைப்பும் ஃபேன் பாக்ஸும் போகும். சுவர்ப்பூச்சு முடிந்த பிறகு வயர் போகும். பெயின்ட் அடித்தபின் சுவிட்ச் போகும். இந்தத் தொழிலில் ஸ்டாக் கணக்கை ஒழுங்குபடுத்த எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. புதிதாகக் கடை வைப்பவர்கள் முதல் மாதத்திலேயே சரியாகத் தொடங்கட்டும் என்று எழுதுகிறேன். பாத்திரக் கடை, டைல்ஸ் கடை, ஃபர்னிச்சர் கடை என்று அட்வான்ஸ் வாங்கிச் சரக்கைப் பிறகு கொடுக்கிற எந்தக் கடைக்கும் இது பொருந்தும். கேட்டவுடன் கொடுத்துப் பணம் வாங்கும் மளிகைக் கடைக்கு இவ்வளவு தேவையில்லை.

## 1. மூன்று எண்களுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்

கையிருப்பு என்பது உங்களுக்குச் சொந்தமாக, உங்கள் கடையிலோ குடோனிலோ இப்போது இருக்கும் சரக்கு. யாருக்காக எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பற்றி இந்த எண்ணுக்குக் கவலையில்லை.

ஒதுக்கீடு என்பது யாருக்கோ தருவதாக ஒப்புக்கொண்டு, இன்னும் தராமல் இருக்கும் அளவு. இது சரக்கைப் பார்த்து எண்ணுகிற எண் அல்ல. ஆர்டர் சீட்டுகளைக் கூட்டினால் வருவது.

விற்கக்கூடியது என்பது, இந்த நிமிஷம் கவுன்டருக்கு வருகிற புது ஆளுக்கு யோசிக்காமல் கொடுக்கக்கூடிய அளவு.

```
விற்கக்கூடியது = கையிருப்பு − ஒதுக்கீடு
```

கவுன்டரில் நிற்கும் பையன் பார்க்கவேண்டியது இந்தக் கடைசி எண்ணை மட்டும்தான். “அண்ணே, 1.5 சிவப்பு வயர் பத்து காயில் கேக்குறாங்க, ரேக்குல இருக்கு, குடுத்துரட்டா?” என்று கேட்டால், “நோட்டுல கடைசிக் கட்டத்தைப் பாரு தம்பி” என்பதே பதிலாக இருக்கவேண்டும். ரேக்கைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே விடுங்கள்.

## 2. முதல் எண்ணிக்கை: அளவை முடிவு செய்துவிட்டு எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு எண்ணுங்கள். வியாபாரம் நடக்கும்போது எண்ணிய எண்ணிக்கை எதற்கும் உதவாது. எல்லாப் பொருளையும் ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். அட்வான்ஸ் ஆர்டரில் அடிக்கடி போகும் பொருள்களை மட்டும் முதலில் எண்ணுங்கள். என் கடையில் அவை வயர், பைப், ஃபேன், சுவிட்ச், எம்.சி.பி. ஆணி, இன்சுலேஷன் டேப் போன்றவற்றுக்கு ஒதுக்கீட்டுக் கட்டமே வேண்டாம்.

எண்ணுவதற்கு முன் அளவை முடிவு செய்யவேண்டும். வீட்டு வயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது. சிலர் முழுக் காயிலாக வாங்குவார்கள், சிலர் 10 மீட்டர் வெட்டிக் கேட்பார்கள். வெட்டிய காயில்கள் மூன்றில் 30, 25, 35 மீட்டர் மிச்சம் இருந்தால் மொத்தம் 90 மீட்டர்தான். ஆனால் முழுக் காயில் கேட்டு அட்வான்ஸ் கொடுத்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது. அதனால் முழுக் காயில் ஒரு வரி, வெட்டிய வயர் மீட்டர் கணக்கில் இன்னொரு வரி. ஒரு காயிலைப் பிரிக்கும்போது முதல் வரியில் 1 கழித்து, இரண்டாவது வரியில் 90 கூட்டுங்கள். நிறமும் தனித்தனி வரிதான். எர்த்துக்குப் பச்சை கேட்பவரிடம் சிவப்பு இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

எண்ணும்போது இரண்டு வகைச் சரக்கை ஓரமாக வையுங்கள். ஒன்று, விற்க முடியாதது: ஷோவுக்கு மாட்டிய ஃபேன், உடைந்த சுவிட்ச், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. இவை உங்கள் சொத்துதான். ஆனால் விற்கக்கூடியதில் சேரக்கூடாது என்பதால் வேறு பக்கத்தில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, பில் போட்டு முழுப் பணமும் வாங்கிவிட்டு, “அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்” என்று வாடிக்கையாளர் விட்டுப் போனது. அது உங்கள் கையிருப்பே அல்ல, அவருடைய சரக்கு. பெயரும் பில் எண்ணும் எழுதிய அட்டையை மேலே கட்டித் தனி இடத்தில் வையுங்கள். புத்தகத்துக்கும் ரேக்குக்கும் ஒத்துப்போகாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரங்களில் பெரும்பாலும் இந்த மூட்டைதான் காரணமாக இருக்கும்.

## 3. எதை ஒதுக்கீடு என்று ஏற்பது? விதியை எழுதி ஒட்டுங்கள்

இந்தப் படியில் தளர்ந்தால் மற்ற எதுவும் நிற்காது. வாட்ஸ்அப்பில் எலக்ட்ரீஷியன் அனுப்பும் லிஸ்ட் ஒதுக்கீடு அல்ல. அதே லிஸ்ட் ரேட் கேட்டு இன்னும் இரண்டு கடைக்குப் போயிருக்கும். நீங்கள் போட்டுக்கொடுத்த எஸ்டிமேட்டும் ஒதுக்கீடு அல்ல. “எனக்கு எடுத்து வைங்கண்ணே” என்று போனில் சொல்வதும் அல்ல, அவர் எத்தனை வருஷப் பழக்கமானாலும் சரி.

என் கடையில் மூன்றும் சேர்ந்தால்தான் ஒதுக்கீடு: அட்வான்ஸ் கைக்கு வந்திருக்கவேண்டும், பொருளும் அளவும் ஆர்டர் சீட்டில் எழுதியிருக்கவேண்டும், எடுக்கும் தேதி போட்டிருக்கவேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்காக ஒரு சின்ன விலக்கு வைத்திருக்கிறேன். அன்று மாலை கடை மூடும்வரை மட்டும் வாய்ச்சொல்லுக்கு எடுத்து வைப்போம், மறுநாள் அது பொதுச் சரக்கு.

தேதி ஏன் முக்கியம் என்றால், ஒதுக்கிய சரக்கில் உங்கள் பணம் முடங்கியிருக்கிறது. 30,000 ரூபாய் சரக்குக்கு 3,000 அட்வான்ஸ் வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்தால், 27,000 உங்கள் காசு. ஒரு ரூபாய் வட்டிக் கணக்கில் மாதம் 270, இரண்டு மாதத்துக்கு 540 ரூபாய் போய்விடும். அந்தச் சரக்கில் உங்களுக்கு நிற்கும் லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. செம்பு விலையோடு வயர் விலையும் ஏறி இறங்கும். ஆகவே சீட்டில் “இந்த விலை இன்ன தேதி வரை” என்றும், “தேதி தாண்டினால் ஒதுக்கீடு நீங்கும், அட்வான்ஸ் கணக்கில் இருக்கும்” என்றும் அச்சடித்துவிடுங்கள். வாயால் சொன்னால் சண்டை வரும். அச்சில் இருந்தால் வராது.

ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும் சுவிட்சுக்கு இன்றே ஒதுக்கவேண்டிய அவசியமும் இல்லை. வீட்டு ஆர்டரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடுத்த ஒரு மாதத்தில் போகிறதை மட்டும் ஒதுக்குங்கள். மற்றதை சீட்டின் பின்புறம் “பிறகு” என்று எழுதி வைத்தால் போதும்.

## 4. தேவையான தாள்கள்

பெரிதாக எதுவும் வேண்டாம். வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்து எழுதும் ஆர்டர் புத்தகம் ஒன்று. நீள நோட்டு ஒன்று. அட்டைகளும் மார்க்கரும். உள்ளூர் அச்சகத்தில் ஆர்டர் புத்தகம் அடிப்பதுதான் இதில் கொஞ்சம் செலவு.

நீள நோட்டில் பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, விவரம், ஆர்டர் சீட்டு எண் அல்லது பில் எண், கையிருப்பு, ஒதுக்கீடு, விற்கக்கூடியது என்று கட்டங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களையும் முழுதாக எழுதுங்கள், மாறாத எண்ணையும் சேர்த்து. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த ஆள் எந்த எண்ணை நம்புவது என்று திணறுவார்.

அட்வான்ஸ் வாங்கினால் ரசீது கொடுத்தாக வேண்டும். ஜி.எஸ்.டி.யில் சாதாரண முறையில் பதிந்த கடைகளுக்கு, பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸ் மீது அப்போதே வரி கட்டத் தேவையில்லை. 2017 நவம்பர் 15 முதல் இப்படித்தான். வரி, பில் போடும்போது வரும். கம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சலுகை அவர்களைச் சேர்த்துச் சொல்லப்படவில்லை. வாங்கிய அட்வான்ஸுக்கும் அதைக் கழித்ததற்கும் தனிக் கணக்கு வைக்கவேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 56 சொல்கிறது. ஆர்டர் சீட்டு எண்ணை ரசீதிலும் எழுதிவிட்டால் அந்த வேலையும் பாதி முடிந்த மாதிரி.

## 5. ஒரு பொருளைக் கூடவே போய்ப் பாருங்கள்

1.5 சதுர மில்லிமீட்டர் சிவப்பு வயர், முழுக் காயில். மாதத் தொடக்கத்தில் 14 காயில் இருக்கிறது, ஆர்டர் எதுவும் இல்லை.

| தேதி | நடந்தது | கையிருப்பு | ஒதுக்கீடு | விற்கக்கூடியது |
|---|---|---|---|---|
| 1 | தொடக்கம் | 14 | 0 | 14 |
| 3 | முதல் வீடு, 6 காயில், அட்வான்ஸ் | 14 | 6 | 8 |
| 5 | கவுன்டரில் 4 விற்பனை | 10 | 6 | 4 |
| 8 | முதல் வீட்டுக்கு 2 கொடுத்தது | 8 | 4 | 4 |
| 9 | டிஸ்ட்ரிபியூட்டரிடம் 10 ஆர்டர் | 8 | 4 | 4 |
| 11 | இரண்டாவது வீடு, 6 காயில், அட்வான்ஸ் | 8 | 10 | −2 |
| 13 | 10 காயில் வந்து இறங்கியது | 18 | 10 | 8 |
| 20 | முதல் வீட்டார் 1 வேண்டாம் என்றார் | 18 | 9 | 9 |

3ஆம் தேதி வரியைப் பாருங்கள். பணம் வந்திருக்கிறது, ஆனால் கையிருப்பு அசையவில்லை. அட்வான்ஸ் வந்ததும் கையிருப்பில் கழிப்பவர்கள், சரக்கைக் கொடுக்கும்போது பழக்கத்தில் இன்னொரு முறை கழித்துவிடுகிறார்கள்.

8ஆம் தேதிதான் இதில் முக்கியமான வரி. ஆர்டர்காரருக்கு 2 காயில் போனது. கையிருப்பிலும் 2 குறைந்தது, ஒதுக்கீட்டிலும் 2 குறைந்தது, விற்கக்கூடியது 4 என்று அப்படியே நிற்கிறது. ஆர்டருக்குச் சரக்குக் கொடுத்த எந்த நாளிலும் கடைசிக் கட்டம் மாறக்கூடாது. மாறியிருந்தால் அந்த விற்பனையைச் சாதாரணக் கவுன்டர் விற்பனையாக எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படி எழுதினால் 8, 6, 2 என்று வரும். இரண்டு காயில் யாருக்கும் இல்லாத ஆர்டருக்காக நோட்டில் பூட்டிக் கிடக்கும். ரேக்கில் சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்புவீர்கள்.

9ஆம் தேதி ஆர்டர் போட்டதால் எந்த எண்ணும் மாறவில்லை. வரவேண்டிய சரக்கைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். லாரி வந்து, மூட்டையைப் பிரித்து, எண்ணி, டிஸ்ட்ரிபியூட்டர் பில்லோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கையிருப்பில் ஏறவேண்டும்.

11ஆம் தேதி விற்கக்கூடியது மைனஸ் ஆகிறது. இதைப் பார்த்துப் பயந்து 0 என்று எழுதாதீர்கள். கொடுத்த வாக்குக்கு இரண்டு காயில் குறைகிறது என்பதை அந்த மைனஸ்தான் நினைவூட்டுகிறது. ஆனால் மைனஸ் ஆகும் ஆர்டரை ஏற்பதற்கு முன், வரவேண்டிய சரக்கு வாடிக்கையாளர் கேட்கும் தேதிக்குள் வந்துவிடுமா என்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு போன் போடுங்கள். வராது என்றால் “நாலு காயில் இப்போ, மீதி இன்ன தேதிக்கு மேல்” என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

## 6. பில்லை எப்போது போடுவது?

சரக்கு கடையை விட்டுக் கிளம்பும்போது, அந்த அளவுக்கு மட்டும் பில் போடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி பொருள் கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில் இருக்கவேண்டும். முன்பே போடலாம் என்று இருப்பதால் பலர் அட்வான்ஸ் வாங்கும் அன்றே முழு ஆர்டருக்கும் பில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் இன்னும் கொடுக்காத சரக்குக்கு அந்த மாதமே வரி கட்டவேண்டியிருக்கும். வாடிக்கையாளர் ஒரு காயிலைக் குறைத்தாலும் கிரெடிட் நோட் போட வேண்டிவரும். மேலே 20ஆம் தேதி நடந்தது, பில் போடாததால், நோட்டில் ஒரு வரியோடு முடிந்தது.

முழுப் பில்லும் இப்போதே வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்துவதும் உண்டு, பேங்க் லோனுக்குக் காட்டுவதற்காக. அவருக்குக் கொட்டேஷனும் அட்வான்ஸ் ரசீதும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். போதாது என்றால் பில் போட்டுவிட்டு, அந்தச் சரக்கைக் கையிருப்பு, ஒதுக்கீடு இரண்டிலும் கழித்து, அட்டை கட்டித் தனியே வையுங்கள்.

## 7. கம்ப்யூட்டரில் வைத்திருந்தால்

டாலியில் Stock Summary காட்டும் Closing Balance கையிருப்பு மட்டும்தான். நீங்கள் பதிந்த Sales Order எதுவும் அதைக் குறைக்காது. அதனால் அந்தத் திரையைப் பார்த்து விற்றால், ரேக்கைப் பார்த்து விற்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஆர்டர்களையும் சேர்த்துக் காட்டுவது Reorder Status. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அங்கே வரும் Nett Available, கையிருப்போடு வரவேண்டிய சரக்கையும் கூட்டி, பிறகுதான் விற்பனை ஆர்டரைக் கழிக்கிறது. நம் கணக்கில் 9ஆம் தேதி நிலவரத்தை அதில் பார்த்தால் 8 + 10 − 4, அதாவது 14 என்று வரும். அன்று கவுன்டரில் கொடுக்க முடிந்ததோ 4. கம்பெனிக்கு எவ்வளவு ஆர்டர் போடலாம் என்று முடிவு செய்ய அந்த 14 சரியான எண். கவுன்டர் பையனிடம் மட்டும் அதைக் காட்டாதீர்கள்.

டாலியில் இன்னொரு வழக்கமான தவறு, Sales பதியும்போது ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் விடுவது. சரக்குக் குறைந்துவிடும், ஆர்டர் மட்டும் நிலுவையிலேயே நிற்கும். நோட்டில் 8ஆம் தேதிக்குச் சொன்ன அதே கோளாறுதான்.

Zoho Inventory வைத்திருப்பவர்களுக்கு மூன்று எண்களும் Stock on Hand, Committed Stock, Available for Sale என்று பொருளின் பக்கத்திலேயே தெரியும். ஆனால் Accounting Stock, Physical Stock என்று இரண்டு வரிசையாக வரும். முதலாவது பில்களை வைத்து மாறும். இரண்டாவது சரக்கு உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பதிவதை வைத்து மாறும். பில் போட்டு இன்னும் எடுக்காத சரக்கு இருந்தால் இரண்டும் வேறு வேறு எண் காட்டும். எண்ணிப் பார்க்கும்போது Physical Stock பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சின்னக் கடைக்கு முதல் மூன்று மாதம் நோட்டே போதும் என்பது என் அபிப்பிராயம். எந்த நிகழ்வு எந்த எண்ணை மாற்றும் என்பது கைக்குப் பழகிய பிறகு சாஃப்ட்வேருக்குப் போனால், அது காட்டும் எண்ணில் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

## 8. வாரம் ஒருமுறை இரண்டு சரிபார்ப்பு

வியாபாரம் குறைவாக இருக்கும் ஒரு காலை நேரத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரேக்கை எண்ணுங்கள். ரேக்கில் இருப்பது நோட்டின் கையிருப்போடு ஒத்துப்போக வேண்டும். அட்டை கட்டிய மூட்டைகளை இதில் சேர்க்கவேண்டாம். ரேக்கில் குறைந்தால் பில் போடாமல் ஏதோ போயிருக்கிறது, அல்லது காயிலைப் பிரித்து மீட்டர் வரிக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். ரேக்கில் கூடுதலாக இருந்தால், திரும்பி வந்த சரக்கை எழுதவில்லை, அல்லது பில் போட்ட மூட்டை ஒன்று அட்டை இல்லாமல் உள்ளே கலந்திருக்கிறது.

அப்புறம் ஆர்டர் சீட்டுகளை எடுத்து, இன்னும் கொடுக்காத அளவை மட்டும் கூட்டுங்கள். அது ஒதுக்கீட்டுக் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். நோட்டில் கூடுதலாக இருந்தால் கொடுத்ததையோ ரத்தானதையோ கழிக்கவில்லை. நோட்டில் குறைந்தால் புது ஆர்டர் ஒன்று சீட்டோடு நின்றுவிட்டது. இது உடனே சரிசெய்யவேண்டியது, ஏனென்றால் அந்தச் சரக்கை யாராவது இன்றே விற்றுவிடலாம். தேதி தாண்டிய சீட்டுகளை அப்போதே பிரித்து, வாடிக்கையாளருக்குப் போன் செய்து, புதுத் தேதி வாங்குங்கள், இல்லையென்றால் ஒதுக்கீட்டை நீக்குங்கள்.

## 9. பேங்குக்கும் ஆடிட்டருக்கும் எந்த எண்?

கேஷ் கிரெடிட் கடன் வைத்திருந்தால் பேங்க் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கும். அதில் எழுதவேண்டியது கையிருப்பு. ஒதுக்கிய சரக்கும் கொடுக்கும்வரை உங்களுடையதுதான் என்பதால் அதைக் கழிக்கவேண்டாம். மார்ச் 31 முடிவு இருப்புக்கும் இதே விதி. வாங்கிய அட்வான்ஸ் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய தொகையாக வேறு பக்கத்தில் வரும். பில் போட்டு எடுக்காமல் கிடக்கும் மூட்டைகளை மட்டும் இரண்டிலும் சேர்க்காதீர்கள். ஆடிட்டரோ பேங்க் அதிகாரியோ நேரில் எண்ண வந்தால், அந்த மூட்டைகளின் பில் எண், பெயர், அளவு எழுதிய ஒரு பட்டியலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.